விடைக்குறிப்பில் 43.92, விடைத்தாளில் 43.45

60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து, ஒரே திசையில் நிற்கும் இரண்டு கப்பல்களின் இறக்கக்கோணங்கள் 30 டிகிரி, 45 டிகிரி. கப்பல்களுக்கு இடையே தூரம் என்ன? பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பழக்கமான கணக்குதான். √3 = 1.732 என்று கேள்வியிலேயே தரப்பட்டிருக்கிறது, விடைக்குறிப்பில் 43.92 மீட்டர்.

திருத்துபவர் கையில் மூன்று விடைத்தாள்கள். மூன்றிலும் படம் சரி, இரண்டு சமன்பாடுகளும் சரி. விடைகள் மட்டும் 43.99, 43.45, 43.29.

முதல் மாணவி tan 30-ஐ 0.577 என்று எடுத்து 60-ஐ அதால் வகுத்திருக்கிறாள். 103.99 வருகிறது, பக்கத்துக் கப்பலின் தூரமான 60-ஐக் கழித்தால் 43.99. இரண்டாவது மாணவன் அதே வழியில்தான் போனான், ஆனால் 0.58 என்று முழுதாக்கிவிட்டான். அவனுக்கு 103.45, பிறகு 43.45. மூன்றாமவன் 60-ஐ 1.732-ஆல் பெருக்கியபோது 103.92 என்பதை 103.29 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டான்.

இரண்டாவது தாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 0.58-க்கும் உண்மை மதிப்புக்கும் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. வகுத்த பிறகும் அதே அளவுதான். கழித்ததும் நிலைமை மாறுகிறது: பிழை அதே 47 சென்டிமீட்டர்தான், ஆனால் அது இப்போது 104-இல் இல்லை, 44-இல் உட்கார்ந்திருக்கிறது. விகிதத்தில் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் கழித்தல் வரும் கணக்குகளில் அவசரப்பட்டு முழுதாக்கினால் இப்படித்தான் ஆகும்.

விடைக்குறிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால், 43.45, 43.29 இரண்டும் ஒரே மாதிரி தவறாகத் தெரியும். அதனால் மாணவர் எழுதிய எண்ணையே எடுத்துக்கொண்டு அடுத்த வரியைத் திருத்துபவர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். 60-ஐ 0.58-ஆல் வகுத்தால் 103.45 வருகிறது, ஆகவே அது முழுதாக்கலால் வந்த வித்தியாசம். 60-ஐ 1.732-ஆல் பெருக்கினால் 103.29 வராது, ஆகவே அது கணக்குப் பிழை.

ஐந்து மதிப்பெண்ணில் படத்துக்கு ஒன்று, சமன்பாடுகளுக்கு இரண்டு, கணக்கிடுதலுக்கு ஒன்று, விடைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவிக்கு ஐந்தும் தருவேன். மூன்று தசம இடம் என்ற கேள்வியின் அளவை அவள் குறைக்கவில்லை. இரண்டாமவனுக்கு விடைக்கான ஒன்று போகும், ஏனென்றால் தரப்பட்ட துல்லியத்தை அவன் நடுவிலேயே கைவிட்டான். மூன்றாமவனுக்குக் கணக்கிடுதலுக்கான ஒன்று போகும். அவன் தன் 103.29-இலிருந்து சரியாகவே கழித்திருப்பதால் விடைக்கான மதிப்பெண்ணையும் பறிப்பது ஒரே பிழைக்கு இரண்டு தண்டனை.

கேள்வியில் √3-இன் மதிப்போ, எத்தனை தசம இடம் வேண்டும் என்பதோ இல்லாதிருந்தால் 43.45-க்கும் ஐந்து தருவேன். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுகளில், வேறு குறிப்பு இல்லாதபோது மூன்று முக்கிய இலக்கங்களில் விடை தருமாறு வினாத்தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படி ஒரு வரி இல்லாத வினாத்தாளில் அந்த 47 சென்டிமீட்டருக்குப் பொறுப்பு கேள்வி எழுதியவருடையது, மாணவனுடையதல்ல.