ஐந்து ரிவ்யூ, ஒரு தாள்

டேபிள்டாப் கிரைண்டர் வாங்கலாம் என்று யூடியூபில் தேடினால், ஒரே மாடலுக்கு நாலைந்து ரிவ்யூ கிடைக்கும். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மனதில் நிற்பது ஒருவர் சொன்னது மட்டும்தான். அவர் நாம் முதலில் பார்த்தவராகவோ நன்றாகப் பேசத் தெரிந்தவராகவோ இருப்பார். "சத்தம் அதிகம்" என்று அவர் ஆறு முறை சொன்னால், ஆறு பேர் சொன்னதுபோல் பதிந்துவிடுகிறது.

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் சத்தம், மாவு சூடாவது, கழுவும் வசதி, பெல்ட் என்று நமக்கு வேண்டியவை; மேலே வீடியோக்கள். ஒருவர் எத்தனை முறை சொன்னாலும் ஒரு கட்டத்தில் ஒரு குறிதான். அரைத்துக் காட்டிச் சொன்னதற்கு ஒரு குறி, பெட்டியில் அச்சிட்டதைப் படித்ததற்கு வேறு குறி. பேசவே இல்லையென்றால் கட்டம் காலி. காலிக் கட்டத்துக்குக் குறையில்லை என்று பொருளல்ல. அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து வீடியோவில் சத்தத்தைப் பற்றி மூவர் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதிகம் என்கிறார், இருவர் இல்லை என்கிறார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த இடங்களைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். முதலாமவர் அரிசியைப் போட்ட கையோடு மைக்கை நீட்டியிருப்பார். மற்ற இருவரும் மாவு பாதி அரைந்த பிறகு பேசியிருப்பார்கள். அரிசி முழுசாக இருக்கும்போது கல் கடகடக்கும், மசிய மசிய அடங்கும். எனவே தாளில் எழுத வேண்டியது, "அரிசி போட்ட புதிதில் சத்தம், பிறகு குறைவு". பல முரண்கள் இப்படி நிபந்தனையோடு எழுதியதும் தீர்ந்துவிடும்.

பெல்ட் விஷயம் வேறு. பெட்டியைப் பிரித்த அன்றே எடுத்த வீடியோவில் பெல்ட் தளர்வது தெரியாது. ஆறு மாதம் புழங்கிய ஒருவர் மட்டும் அதைச் சொன்னால், நாலு காலிக் கட்டங்களும் அவருக்கு எதிரான ஓட்டு இல்லை. ஆனால் அவருடைய ஒரு மெஷினில் வந்த கோளாறாகவும் இருக்கலாம். "ஒருவர், ஆறு மாத உபயோகம்" என்றே குறித்து வைத்து, கடையில் கேளுங்கள். அதற்காக அவர் கழுவும் வசதி பற்றிச் சொன்னதற்கும் கூடுதல் மதிப்புத் தர வேண்டாம். எடை ஆளுக்கல்ல, அந்தந்தக் கூற்றுக்கு.

மூன்று பேர் ஒரே வரிசையில், கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் பாராட்டினால், அது கம்பெனி கொடுத்த குறிப்பாக இருக்க வாய்ப்புண்டு. மூன்றையும் ஒரே குறியாகச் சேருங்கள். பொருளை இலவசமாகப் பெற்றிருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். அப்படிச் சொல்லியிருக்கிறாரா என்பதையும் வீடியோவின் பெயருக்குக் கீழே குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டு போங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.