முன்னடியைக் கெடுக்காத அடுத்த அடி

f = ½(x² + 10y²) என்ற சார்பை ஒரு நீண்ட பள்ளத்தாக்காக நினைத்துக்கொள்ளுங்கள். அடிமட்டம் (0, 0). x பக்கம் மெல்லச் சரிகிறது. Y பக்கம் வளைவு பத்து மடங்கு. நாம் நிற்பது (10, 1) என்ற புள்ளியில்.

அங்கே இரு திசையிலும் சரிவு 10தான். எனவே மிகச் செங்குத்தான இறக்கம் (−1, −1) திசையில் இருக்கிறது. அந்த நேர்கோட்டில் மிகத் தாழ்ந்த இடம் வரை போனால் (8.18, −0.82) வருகிறது. x கொஞ்சம்தான் குறைந்தது. Y எதிர்க்கரைக்கே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் இப்படிச் செங்குத்துச் சரிவையே பிடித்து இறங்கினால் கரைக்குக் கரை அலைய வேண்டியதுதான். அடிக்கு அடி தொலைவு 9/11 பங்காகத்தான் சுருங்கும். ஆயிரத்தில் ஒரு பங்காக்க 35 அடிகள் வேண்டும்.

மேக்னஸ் ஹெஸ்டனஸும் எடுவார்ட் ஷ்டீஃபெலும் 1952இல் வெளியிட்ட இணைச்சரிவு முறை, இரண்டாம் அடியில் ஒரு சிறு திருத்தம் செய்கிறது. புதிய இறக்கத் திசை (−8.18, 8.18). அதோடு பழைய திசையான (−10, −10)இல் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். புதிய சரிவின் வர்க்கத்தைப் பழைய சரிவின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தப் பங்கு கிடைக்கும். இங்கே அது 81/121. கூட்டினால் (−14.88, 1.49), அதாவது (−10, 1) திசை. நாம் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கோடு நேரே (0, 0)க்குப் போகிறது. இரண்டே அடியில் வேலை முடிந்தது.

காரணம் இதுதான். முதல் அடியின் முடிவில் பழைய திசையில் சரிவு சுழியம். புதிய திசையில் x 10 குறைந்து y 1 கூடும்போது, x சரிவு 10 குறைகிறது. Y சரிவும் 10 கூடுகிறது. பழைய திசையில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் அங்கே சரிவு சுழியமாகவே நிற்கிறது. ஒருமுறை முடித்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. ஆகவே n மாறிகளுக்கு அதிகபட்சம் n அடிகள். பழைய திசைகள் எல்லாவற்றையும் சேமிக்கவும் வேண்டாம், கடைசித் திசை ஒன்றே போதும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அழகு அதுதான்.

மாறிகள் பத்து லட்சம் இருந்தாலும், பள்ளத்தாக்கின் முதன்மை வளைவுகள் மூன்றே மதிப்புகளில் அமைந்தால் மூன்றே அடிகளில் முடியும். வளைவுகள் சில கொத்துகளாக நெருங்கி நின்றாலும் சில அடிகளிலேயே நல்ல விடை வரும். அதனால்தான் கணக்கை முன்கூட்டியே மாற்றியமைத்து வளைவுகளை நெருக்கிவைக்கிறார்கள்.

எல்லாத் திசையிலும் வளைவு மேல்நோக்கி இருந்தால்தான் இது செல்லும். நடுவில் pᵀAp சுழியமாகவோ எதிர்மமாகவோ வந்தால் அந்த நிபந்தனை உடைந்துவிட்டது என்று பொருள். கணினி தசமங்களை வெட்டுவதால் திசைகளின் ஒழுங்கும் மெல்லக் குலையும். நிரல் காட்டும் பிழை சுழியத்தை நெருங்க, உண்மைப் பிழை அப்படியே நிற்கலாம். சில பத்து அடிகளுக்கு ஒருமுறை b − Ax-ஐப் புதிதாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.