‘மேல்’ என்றால் எவ்வளவு?

“மூன்று மாதத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவருக்கு 5 சதவீதம் தள்ளுபடி.” மளிகைக் கடைக்காரர் புரோகிராமருக்கு இந்த ஒரு வரியை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால், கல்லாவில் தகராறுதான். சரியாக 5,000-க்கு வாங்கியவர் சேர்த்தியா? சேர்த்தி என்றால் `>` போதாது, `>=` வேண்டும்.

இதைவிடச் சிக்கல், திரும்பி வரும் சரக்கு. ஒருவர் 5,200-க்கு வாங்கி, 400 ரூபாய் எண்ணெய் டின்னைத் திருப்பிக் கொடுக்கிறார், மிச்சம் 4,800. பில்களை மட்டும் கூட்டும் மென்பொருள் அவருக்கும் தள்ளுபடி தந்துவிடும்.

ஆகவே இப்படி எழுதுங்கள்: “பில் போடும் நாளுக்கு முந்தைய 90 நாளில் வாங்கியதிலிருந்து திருப்பியதைக் கழித்து, 5,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் தள்ளுபடி. அன்றைய பில் கணக்கில் வராது.” கூடவே இந்த 4,800 கணக்கையும் ‘தள்ளுபடி இல்லை’ என்ற விடையோடு அனுப்புங்கள், புரோகிராமர் அதை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.