அறுபது ஜிபி கேமும் ஐம்பது ஜிபி டேட்டாவும்

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து ஸ்டீமில் கேம் ஆடுபவரின் திட்டம் மாதம் 50 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் மற்ற தேவைகளுக்கு நாளொன்றுக்கு 1 ஜிபி போனால், மிஞ்சுவது 20 ஜிபி. வாங்கிய கேமோ 60 ஜிபி. மிச்சத்தை வைத்தே இறக்கினால் மூன்று மாதம் ஆகும். டேட்டா தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைந்துவிடும். அதில் 1 ஜிபி இறங்கவே 35 மணி நேரம் பிடிக்கும்.

அதே கேம் நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தால், ஒரு ஹார்டு டிஸ்க் போதும். அங்கே `steamapps\common` என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கேமின் ஃபோல்டரை, பெயரை மாற்றாமல் காப்பி செய்து, இங்கே அதே இடத்தில் வைக்க வேண்டும். பிறகு ஸ்டீமில் `Install` கொடுத்து, அதே டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேம் அவரவர் கணக்கில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இருக்கும் கோப்புகளை ஸ்டீம் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். சரிபார்க்கும் நேரத்தில் டிஸ்க் மும்முரமாக ஓடும், இணையம் சும்மா இருக்கும். இணைய வேகம் எடுத்த எடுப்பிலேயே ஏறி, 60 ஜிபியும் புதிதாக இறங்கத் தொடங்கினால் ஃபோல்டர் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

நிறுவுவது ஒருமுறைதான். மாதாமாதம் டேட்டாவைக் கரைப்பது அப்டேட்தான். ஸ்டீம் கேமின் கோப்புகளைச் சுமார் 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஆனால் பல கேம்களில் படங்களும் ஒலிகளும் ஓரிரு பெரிய கோப்புகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் அவற்றை வேறு வரிசையில் அடுக்கினால், சின்னத் திருத்தத்துக்கும் பல ஜிபி இறங்கும். இதற்கு நேர்மாறானதும் உண்டு: இறங்குவது 1 ஜிபிதான், டிஸ்க்கில் எழுதுவதோ 40 ஜிபி. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பழைய கோப்பைப் புதிதாகக் கட்டும் வேலை அது, டேட்டா செலவாகாது.

எனவே முதல் நாளிலேயே ஸ்டீமின் `Settings`, `Downloads` பக்கத்தில், கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி மாற்றிவிடுவது நல்லது. விண்டோஸின் `Metered connection` அமைப்பை நம்பி ஸ்டீமை அப்படியே விட்டுவிடக் கூடாது. இந்த மாற்றத்திலும் ஒரு தொல்லை உண்டு: அப்டேட் முடியாமல் கேம் திறக்காது. ஆட நினைக்கும் நாளுக்கு முந்தைய நாளே திறந்து, அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

12 ஜிபி அப்டேட் காத்திருக்கிறது, திட்டம் முடிய இரண்டு நாள், மிச்சம் 7 ஜிபி என்றால் அதை வீணாக்க வேண்டாம். அன்றாடத் தேவைக்கு 2 ஜிபி ஒதுக்கிவிட்டு 5 ஜிபி வரை இறக்கி, `Pause` கொடுக்கலாம். இறங்கிய துண்டுகள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ரீசார்ஜுக்குப் பிறகு மீதி 7 ஜிபியைத் தொடரலாம்.