ஒரே பெயர், இரண்டு கடை

கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. 1989-இல் பெங்களூரில் 'நந்தினி டீலக்ஸ்' என்ற உணவகம் தொடங்கியது. உணவகம் தன் பெயரைப் பதிவு செய்யப் போனதும் வழக்கு மூண்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. பால், பால் பொருள்களுக்கு மட்டும் அந்தப் பெயர் அதற்குக் கிடையாது.

வணிகக்குறி பெயருக்குப் பட்டா அல்ல. இன்ன சரக்கு இன்னாருடையது என்று வாங்குபவர் ஏமாறாமல் அறியவே அது. அதனால்தான் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து, கேட்ட வகுப்பில் குறிப்பிட்ட சரக்குக்கு மட்டும் பதிவு தருகிறார்கள். பாலும் காபித்தூளும் வேறு வேறு வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்.

தெருமுனையில் 'முருகன் ஸ்டோர்ஸ்' என்ற மளிகைக் கடை இருக்கிறது என்று வையுங்கள். அதே பெயரில் டயர் கடை வந்தால் பெரும்பாலும் தடுக்க முடியாது. ஆனால் எதிரில் அரிசி மண்டி வந்தால் தடுக்கலாம்: வகுப்பு எண் எதுவானாலும், வாடிக்கையாளர் குழம்புவாரா என்பதே கேள்வி. நாடறிந்த பெயர்கள் மட்டும் விதிவிலக்கு. 'டாடா' என்று செருப்புக் கடைக்குப் பெயர் வைத்தாலும் நோட்டீஸ் வரலாம்.