இன்பத்தோடு பிணைத்த கடமை

நடைப்பயிற்சியின் பயன் பல நாள்களுக்குப் பின்பே தெரியும். சலிப்போ முதல் அடியிலேயே தெரிந்துவிடும். தொடங்கத் தயங்குவது இதனால்தான். விரும்பும் ஒன்றை அதனோடு பிணைத்தால் தயக்கம் குறையுமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்தரின் மில்க்மனும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டனர்.

ஆய்வில் 226 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர் விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக்கூடத்தில் மட்டுமே கேட்க முடிந்தது. இரண்டாம் குழுவினரின் கையிலேயே ஒலிநூல்கள் இருந்தன. பயிற்சியின்போது மட்டும் கேட்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். மூன்றாம் குழுவினருக்கு இத்தகைய பிணைப்பு இல்லை. தொடக்கத்தில், மூன்றாம் குழுவினரைவிட முதற்குழுவினர் 51 விழுக்காடும் இரண்டாம் குழுவினர் 29 விழுக்காடும் மிகுதியாகப் பயிற்சிக்கு வந்தனர். எனினும், நாளடைவில் இவ்வேறுபாடு தேய்ந்தது; நவம்பர் விடுமுறைக்குப்பின் பழக்கம் அறுபட்டது.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கும் மாணவி ஒருத்தி, ஒரு தொடர்கதையை அங்கு மட்டுமே கேட்பதாகக் கொள்வோம். பாதியில் நின்ற கதை மறுநாளும் அவளைக் கரைக்கு அழைக்கும். ஒருநாள் வீட்டிலேயே கேட்டுவிட்டால், அவ்வழைப்பு வலுவிழக்கும். விடுமுறை முடிந்ததும் புதிய கதையோடு மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

கால்கள் நடக்க, செவி கதை கேட்கலாம். ஆனால், பாடம் படிக்கையில் கதை கேட்டல் இயலாது. இரண்டும் ஒரே மனத்தை வேண்டுவன அல்லவா?