ஒரு தங்கத் தகடு எத்தனை நியூட்ரான்களைப் பிடிக்கும்?

1942 டிசம்பரில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மார்ஷல் ஹாலோவே, சார்லஸ் பேக்கர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அணுகுண்டுத் திட்டத்துக்கான அளவீடுகளில் இறங்கியிருந்தார்கள். அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஓர் அலகு தேவைப்பட்டது. ஒரு சதுர சென்டிமீட்டரைக் கோடி கோடியாகக் கூறுபோட்டாலும் போதாத பரப்பு அது: 10⁻²⁴ ச.செ.மீ. இரவு உணவின்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் ஓப்பன்ஹைமர், பெத்தே ஆகியோரின் பெயர்களை வைக்கலாமா என்று யோசித்துக் கைவிட்டார்கள். கடைசியில் ‘பார்ன்’ என்று முடிவாயிற்று. பார்ன் என்றால் பண்ணைகளில் வைக்கோலும் தானியமும் அடைக்கும் பெரிய கொட்டகை. அணுக்கருவின் கணக்கில் அந்தப் பரப்பு ஒரு கொட்டகை அளவுக்குப் பெரியது என்பதுதான் காரணம்.

பரப்பை எதற்காக அளக்க வேண்டும்? நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலெக்ட்ரான் கூட்டத்தையோ அணுக்கருவின் மின்விலக்கையோ அது பொருட்படுத்தாமல் நேரே உள்ளே போகும். எனவே ஓர் அணுக்கரு, வருகிற நியூட்ரானுக்கு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்று கேட்பது பொருத்தமாகிறது. அந்த இலக்கின் பரப்புக்குத்தான் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர்.

ஆனால் இதை அணுக்கருவின் உண்மையான உருவத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கத்தின் அணுக்கருவை ஒரு சிறு உருண்டையாக எண்ணி அதன் முகப்பைக் கணக்கிட்டால் சுமார் 1.5 பார்ன் வரும். அறை வெப்பநிலையில் நிதானமாக அலையும் நியூட்ரான், அதாவது நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் போவது, அதே தங்க அணுக்கருவை 98.65 பார்ன் பரப்புள்ளதாகக் காண்கிறது. அறுபது மடங்குக்கும் மேல்! நியூட்ரான் வெறும் துகள் மட்டுமல்ல, அலையும்கூட. மெதுவாகப் போகும்போது அந்த அலை அணுக்கருவைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்டிருக்கிறது. இந்த மந்த வேகங்களில் நியூட்ரானின் வேகம் பாதியானால் தங்கம் அதைப் பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே வேகத்தைச் சொல்லாமல் பார்ன் கணக்கை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

இனி ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். அணு உலைகளில் நியூட்ரான்களின் செறிவை அளக்க மெல்லிய தங்கத் தகடுகள் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. இயற்கையில் கிடைக்கும் தங்கம் முழுவதும் தங்கம்-197 என்ற ஒரே ஐசோடோப்புதான். அது ஒரு நியூட்ரானைப் பிடித்தால் கதிரியக்கமுள்ள தங்கம்-198 ஆகிவிடுகிறது. அதன் அரை ஆயுட்காலம் 2.7 நாள், சிதையும்போது 412 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரைத் தெளிவாக உமிழும். தகட்டை வெளியே எடுத்து, அந்தக் காமாக்களை எண்ணினால், உள்ளே எத்தனை நியூட்ரான் பிடிபட்டது என்று தெரிந்துவிடும்.

நம் தகடு ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் 25 மைக்ரான் தடிமனும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 48 மில்லிகிராம். தங்கத்தின் அடர்த்தியையும் அவகாட்ரோ எண்ணையும் கொண்டு கணக்கிட்டால், இதில் சுமார் 1.475 × 10²⁰ அணுக்கள். ஒவ்வொன்றும் 98.65 பார்ன் அளவுக்கு இலக்காக நிற்கிறது. எல்லா இலக்குகளையும் ஒன்றின்மேல் ஒன்று மறைக்காமல் பரப்பி வைத்தால், மொத்தம் 0.01455 சதுர சென்டிமீட்டரை அடைக்கும். அதாவது தகட்டின் முகத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. மீதியெல்லாம் நியூட்ரானுக்குத் திறந்த வெளி.

இந்தத் தகட்டின் மீது நொடிக்குப் பத்து லட்சம் மந்த நியூட்ரான்கள் நேராக விழுந்தால், அவற்றில் 14,550 பிடிபடும். கணக்கு இவ்வளவுதான்:

R = φ × N × t × σ

இதில் φ என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு விழும் நியூட்ரான்கள், N என்பது ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணுக்கள், t தடிமன், σ குறுக்குவெட்டுப் பரப்பு. R, ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில் நொடிக்கு நடக்கும் வினைகள். பார்னை 10⁻²⁴ ஆல் பெருக்கி சதுர சென்டிமீட்டராக்க மறந்துவிடக் கூடாது, அவ்வளவே. ஒரு நாள் முழுக்க இப்படி வைத்திருந்தால், இடையில் சிதைந்துபோனவற்றைக் கழித்து, தகட்டில் நொடிக்குச் சுமார் 3,300 சிதைவுகள் நடந்துகொண்டிருக்கும். எண்ணும் கருவிக்கு அது தாராளம்.

இந்தப் பெருக்கல் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: முன்னால் நிற்கும் அணு பின்னால் நிற்பதை மறைக்கவில்லை என்பது. உண்மையில் முதல் அடுக்கு பிடித்த நியூட்ரான் அடுத்த அடுக்குக்குப் போய்ச் சேராது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் விடை 14,550 அல்ல, சுமார் 14,445. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் என்பதால்தான் தகட்டை மெல்லியது என்கிறோம்.

தடிமனை ஒரு மில்லிமீட்டராக்கிப் பார்த்தால் கதை மாறுகிறது. பெருக்கல் கணக்கு 5,82,000 என்கிறது. மறைப்பைச் சேர்த்தால் 4,41,000தான். ஐந்து மில்லிமீட்டரில் இன்னும் மோசம்: பத்து லட்சம் நியூட்ரான்கள் வந்த இடத்தில் 29 லட்சம் பிடிபட்டதாகச் சூத்திரம் சொல்லும். வந்ததைவிட அதிகம் பிடிபட வழியில்லை. எனவே எந்தக் கணக்கிலும் N × t × σ மதிப்பை முதலில் பார்ப்பது நல்லது. அது 0.01, 0.02 என்று இருந்தால் நிம்மதி. 0.1ஐத் தொட்டால் ஐந்து சதவீதப் பிழை வந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் தடிமனை வைத்து மட்டும் தகட்டை மெல்லியது என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உலைக்குள் மந்த நியூட்ரான்கள் மட்டும் இல்லை. வேகம் இன்னும் குறையாதவையும் உண்டு. தங்கத்துக்கு 4.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது. அந்த ஆற்றலோடு வரும் நியூட்ரானுக்குத் தங்க அணுக்கரு இருபதாயிரம் பார்னுக்கும் மேற்பட்ட இலக்கு. நம் 25 மைக்ரான் தகட்டில் N × t × σ இப்போது மூன்றளவுக்கு ஏறிவிடுகிறது. நூறு நியூட்ரான்கள் நுழைந்தால் ஐந்தாறு வெளியேறினாலே அதிகம். மந்த நியூட்ரானுக்குக் கண்ணாடிபோல் இருந்த அதே தகடு, இவற்றுக்குச் சுவராக நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்கவும் பிரிக்கவும் ஆய்வகங்களில் காட்மியத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். காட்மியம்-113 மந்த நியூட்ரான்களை இருபதாயிரம் பார்ன் அளவில் விழுங்குவது. ஒரு மில்லிமீட்டர் காட்மிய உறை, சுமார் அரை எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழுள்ள நியூட்ரான்களை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். அதற்கு மேலுள்ளவற்றில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஒரு தங்கத் தகட்டை வெறுமையாகவும், இன்னொன்றை உறைக்குள்ளும் வைத்து, இரண்டின் கதிரியக்கத்தையும் ஒப்பிடுகிறார்கள். உறைக்குள் இருந்த தகடும் கணிசமாகக் கதிர்வீசினால், அது ஒத்ததிர்வு நியூட்ரான்களின் வேலை. இரண்டின் வித்தியாசமே மந்த நியூட்ரான்களின் பங்கு. நம் சூத்திரத்தை அந்தப் பங்குக்கு மட்டும் போடலாம்.

ஒத்ததிர்வுப் பகுதியையும் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால், தங்கத்தை இன்னும் மெல்லியதாக அடிப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தங்கத்தைக் கலந்து தகடாகவோ கம்பியாகவோ செய்கிறார்கள். அலுமினியம் மந்த நியூட்ரானை கால் பார்ன் அளவுக்குத்தான் பிடிக்கும். தங்க அணுக்கள் ஒன்றையொன்று மறைக்காத அளவுக்கு விலகி நிற்கும். தடிமன் கையாள வசதியாக இருந்தும், நியூட்ரானுக்கு அது மெல்லிய இலக்காகவே இருக்கிறது.